தொடர் நஷ்டத்துக்குப் பிறகு அளவைக் குறைப்பதா, கூட்டுவதா, அப்படியே விடுவதா?

எட்டு டிரேடுகள் வரிசையாக நஷ்டத்தில் முடிந்தன. ஒன்பதாவது டிரேடுக்கு ஆர்டர் போட உட்கார்ந்தபோது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. வழக்கமான அளவிலேயே போடலாம். காற்று எதிராக வீசுகிறது என்று பாதியாகக் குறைக்கலாம். அல்லது இத்தனை நஷ்டத்துக்குப் பிறகு லாபம் வந்தே தீரும் என்று கூட்டிப் போடலாம். அன்று நான் பாதியாகக் குறைத்தேன். அது சரியான முடிவா என்று பிறகு ஆற அமரக் கணக்குப் போட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த மூன்றில் எது சரி என்பது ஒரே ஒரு கேள்வியில் தொங்குகிறது: ஒரு டிரேடின் முடிவு, அடுத்த டிரேடின் முடிவைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? சொல்லவில்லை என்றால் தொடர் நஷ்டத்தைப் பார்த்து அளவை மாற்றுவதில் பயன் எதுவும் இல்லை. நஷ்டத்துக்குப் பின் நஷ்டம் வரும் வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடுதல் என்றால் குறைப்பதில் நியாயம் உண்டு. நஷ்டத்துக்குப் பின் லாபம் வரும் வாய்ப்பு கூடுதல் என்றால்தான் கூட்டுவது பற்றிப் பேசவே முடியும். முன்னதை நேர் ஒட்டுறவு என்றும், பின்னதை எதிர் ஒட்டுறவு என்றும் புள்ளியியலில் சொல்வார்கள்.

என் கணக்கு இது. மொத்தம் 120 டிரேடுகள், அதில் 54 லாபம், 66 நஷ்டம். அதாவது 45 சதவீத வெற்றி. ஒவ்வொரு டிரேடிலும் ஸ்டாப் லாஸ் அடித்தால் போகும் தொகையை ஒரு அலகு என்று வைத்துக்கொண்டால், லாபம் வந்தபோது சராசரியாக 1.6 அலகு வந்தது, நஷ்டத்தில் ஒரு அலகு போனது. ஆக ஒரு டிரேடுக்குச் சராசரியாக 0.17 அலகு கையில் நிற்கிறது.

முதலில் அந்த எட்டைப் பார்ப்போம். ஒவ்வொரு டிரேடும் தனித்தனியாக, 55 சதவீத வாய்ப்போடு தோற்கிறது, முந்தையதற்கும் அடுத்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 120 டிரேடுகளில் எதிர்பார்க்க வேண்டிய மிக நீளமான தொடர் நஷ்டம் சுமார் 7. எட்டோ அதற்கு மேலோ வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. என் வயிற்றைக் கலக்கிய அந்த எட்டு, முழுக்கத் தற்செயலாகவே வந்திருக்கலாம். மிக நீளமான தொடரை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. எல்லாத் தொடர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு எளிய வழி, 1940இல் வால்டும் வுல்ஃபோவிட்ஸும் கொடுத்த ஓட்டச் சோதனை. லாபத்துக்கு 1, நஷ்டத்துக்கு 0 என்று டிரேடுகளை வரிசையாக எழுதுங்கள். ஒரே எண் தொடர்ந்து வரும் ஒவ்வொரு துண்டும் ஓர் ஓட்டம். 0 0 1 0 1 1 என்றால் நான்கு ஓட்டங்கள். நஷ்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தால் ஓட்டங்களின் எண்ணிக்கை குறையும், மாறி மாறி வந்தால் கூடும். தொடர்பே இல்லாதபோது எத்தனை ஓட்டங்களை எதிர்பார்க்கலாம் என்பதற்கான சூத்திரம் இது:

```
2 × W × L / N + 1
```

`W` லாபங்கள், `L` நஷ்டங்கள், `N` மொத்தம். என் கணக்கில் 2 × 54 × 66 / 120 + 1, அதாவது 60.4. தற்செயலாக இது மேலும் கீழும் ஆடும் அளவு, திட்ட விலக்கம், சுமார் 5.4. நான் எண்ணியபோது கிடைத்தவை 49 ஓட்டங்கள். எதிர்பார்ப்பைவிட இரண்டு திட்ட விலக்கத்துக்கும் சற்று அதிகமாகக் கீழே.

சூத்திரத்தை நம்ப மனம் வராதவர்கள் அதே 120 முடிவுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துக் கலைத்துப் பார்க்கலாம். நான் எப்போதும் இதையும் செய்வேன், ஏனென்றால் இதில் எந்த ஊகமும் ஒளிந்திருப்பதில்லை.

```python
import random

def runs(s):
    return 1 + sum(a != b for a, b in zip(s, s[1:]))

seen = runs(s)          # s = [0, 0, 1, 0, ...]
low = 0
for _ in range(10000):
    t = s[:]
    random.shuffle(t)
    low += runs(t) <= seen
print(low / 10000)
```

100 முறை கலைத்தால் சுமார் 2 முறைதான் 49 அல்லது அதற்கும் குறைவான ஓட்டங்கள் வருகின்றன. சரி, நஷ்டங்கள் கொத்தாகத்தான் வருகின்றன, நான் பாதியாகக் குறைத்தது சரிதான் என்று அப்போது முடிவு கட்டினேன். பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

(இதற்குப் பதிலாக, நஷ்டத்துக்கு அடுத்து வந்த டிரேடுகளை மட்டும் தனியே எடுத்து வெற்றி விகிதம் பார்ப்பவர்கள் உண்டு. அதில் ஒரு மறைமுகச் சாய்வு இருக்கிறது. நாணயத்தை மூன்று முறை சுண்டி, தலைக்கு அடுத்து எத்தனை பங்கு தலை விழுந்தது என்று ஒவ்வொரு வரிசையிலும் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் பாதி வராது, 12இல் 5தான் வரும். மில்லர், சான்ஹுர்ஹோ இருவரும் 2018இல் இதை விரிவாக எழுதினார்கள். குறுகிய வரிசைகளில் தொடர்ச்சி இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். கலைத்துப் பார்க்கும் முறையில் இந்தச் சாய்வு இரண்டு பக்கமும் சமமாக விழுவதால் தொல்லை இல்லை.)

என்னைத் தடுத்து நிறுத்தியது புரோக்கர் பட்டியலில் அந்த எட்டு நஷ்டங்களும் பதிவான வரிகளின் தேதியும் நேரமும்தான். முதல் மூன்று நஷ்டங்களும் ஒரே காலையில், ஒரே காரணத்துக்காக, சேர்ந்தே ஏறி இறங்கும் மூன்று பங்குகளில் வாங்கியவை. சந்தை திரும்பியதும் மூன்றிலும் ஸ்டாப் லாஸ் அடித்தது. அடுத்த மூன்றும் ஒரே பொசிஷன், நான் மூன்று பகுதிகளாக வெளியேறியதால் மூன்று வரிகளாகப் பதிவானது. மீதி இரண்டுதான் உண்மையில் தனித்தனி டிரேடுகள். எட்டு நஷ்டங்கள் என்று நான் எண்ணியது நான்கே நான்கு முடிவுகள்.

புரோக்கர் தரும் பட்டியல் ஆர்டர்களின் பட்டியல். நமக்கு வேண்டியது நாம் எடுத்த முடிவுகளின் பட்டியல். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கொத்து போலத் தெரியும். பகுதி பகுதியாக வெளியேறுவதும், சேர்ந்து நகரும் பங்குகளில் ஒரே நேரத்தில் நுழைவதும் ஒரே முடிவை மூன்று முறை எண்ண வைக்கின்றன. இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பட்டியல் வெளியேறிய நேரப்படி அடுக்கப்பட்டிருந்தால், ஸ்டாப் லாஸ் அடித்த டிரேடுகள் சீக்கிரம் முடிவதால் முன்னால் வந்து கூடும், நீண்ட நாள் ஓடும் லாபங்கள் பின்னால் கூடும். சேர்ந்தே திறந்திருந்த டிரேடுகளில் இது இல்லாத கொத்தை உண்டாக்கிக் காட்டும். நுழைந்த நேரப்படி அடுக்க வேண்டும். அளவை மாற்றும் விதி ஒன்றைச் சோதிப்பதானால், நுழையும் நேரத்தில் ஏற்கெனவே முடிந்திருந்த டிரேடுகளை மட்டுமே அந்த விதி பார்க்கலாம். திறந்திருக்கும் டிரேடின் முடிவு அப்போது நமக்குத் தெரியாதே.

ஒரே முடிவைச் சேர்ந்த வரிகளை ஒன்றாகக் கூட்டி, நிகர லாபமா நஷ்டமா என்று மட்டும் குறித்தேன். 120 வரிகள் 84 ஆயின. 38 லாபம், 46 நஷ்டம். எதிர்பார்க்கும் ஓட்டங்கள் 42.6, திட்ட விலக்கம் 4.5. எண்ணியதில் கிடைத்தவை 40. கலைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு முறை இதே அளவு அல்லது இதைவிடக் குறைவு வருகிறது. கொத்து என்று நான் பார்த்ததில் பெரும்பகுதி எண்ணிய விதத்தில் இருந்தது.

அதற்காக, கொத்தே இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டதாகவும் சொல்ல முடியாது. 84 முடிவுகளை வைத்துக்கொண்டு அடுத்தடுத்த முடிவுகளுக்கு இடையிலான ஒட்டுறவைக் கணக்கிட்டால், தற்செயல் ஆட்டமே சுமார் 0.11 இருக்கும், அதாவது 1/√84. ஆக 0.2 வரை உண்மையான ஒட்டுறவு இருந்தாலும் இந்தக் கணக்கில் அது ஒளிந்துகொள்ள இடம் உண்டு. ஒட்டுறவு 0.1தான் என்றால் அதை ஓரளவு உறுதியாகக் கண்டுபிடிக்க ஏறக்குறைய 800 முடிவுகள் வேண்டும். நம்மில் பெரும்பாலோரிடம் அத்தனை இல்லை. இருந்தாலும், அத்தனை சேர்வதற்குள் நாம் டிரேட் செய்யும் முறையே மாறியிருக்கும்.

ஆகவே நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது உண்மை தெரியாத நிலையில்தான். நம் ஊகம் தவறாகப் போனால் எந்த வழி எவ்வளவு விலை கேட்கும் என்று ஒப்பிடுவதே நியாயமான அணுகுமுறை.

கூட்டும் வழியை முதலில் முடித்துவிடலாம். மூலதனத்தில் 1 சதவீதத்தில் தொடங்கி ஒவ்வொரு நஷ்டத்துக்குப் பிறகும் இரட்டிப்பாக்கினால் 1, 2, 4, 8, 16, 32 என்று போகும். ஆறு நஷ்டங்களில் 63 சதவீதம் காலி. ஏழாவதற்கு 64 வேண்டும், கையில் இருப்பது 37. 55 சதவீதம் தோற்கும் முறையில் 120 டிரேடுகளுக்கு ஏழு தொடர் நஷ்டம் சாதாரணம் என்று மேலே பார்த்தோம். அரிதான விபத்தால் கணக்கு அழியும் என்று இதைச் சொல்ல முடியாது, வழக்கமாக நடப்பதே இதை அழித்துவிடும். எதிர் ஒட்டுறவு உண்மையிலேயே இருந்தாலும் அது மிகச் சிறியதாகத்தான் இருக்கும், இந்த அளவு ஏற்றத்தை அது தாங்காது. இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

குறைக்கும் வழிதான் யோசிக்கத் தக்கது. நஷ்டத்துக்கு அடுத்த டிரேடைப் பாதி அளவில், லாபத்துக்கு அடுத்ததை முழு அளவில் போடுவதாக வைத்துக்கொள்வோம். (லாபத்துக்குப் பிறகு கூட்டுவது என்பதும் இதேதான், தொடங்கும் அளவு மட்டும் வேறு. அதனால் அதைத் தனியாக எடுக்கவில்லை.)

ஒட்டுறவு உண்மையில் 0.1 இருந்தால் என்ன ஆகும்? நஷ்டத்துக்கு அடுத்த டிரேடில் வெற்றி வாய்ப்பு 45இலிருந்து 40.5 சதவீதமாக இறங்கும், லாபத்துக்கு அடுத்ததில் 50.5 ஆக ஏறும். 1.6 அலகு லாபத்தோடு பெருக்கினால், நஷ்டத்துக்கு அடுத்த டிரேடு சராசரியாக 0.05 அலகு தரும், லாபத்துக்கு அடுத்தது 0.31 அலகு தரும். நஷ்டத்துக்கு அடுத்ததும் இன்னும் லாபமாகவே இருப்பதைக் கவனியுங்கள். அதை முழுக்கத் தவிர்ப்பதற்கு இந்த வெற்றி விகிதத்தில் ஒட்டுறவு 0.145க்கு மேல் இருக்க வேண்டும். பாதியாகக் குறைத்தால், பணயம் வைக்கும் ஒவ்வோர் அலகுக்கும் கிடைக்கும் சராசரி 0.17இலிருந்து 0.21 ஆகிறது. நல்ல ஆதாயம்தான்.

ஒட்டுறவு பூஜ்யம் என்றால்? சராசரி அளவு 0.725 ஆகிறது, சராசரி வருமானமும் அதே விகிதத்தில் 0.12 ஆக இறங்குகிறது. அளவைக் குறைத்தால் வருமானம் குறைவது இயல்புதானே, ஆட்டமும் குறைந்திருக்குமே என்று தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. எல்லா டிரேடுகளையும் நிலையாக 0.725 அளவில் போட்டாலும் இதே 0.12 கிடைத்திருக்கும், ஆனால் கணக்கின் ஏற்ற இறக்கம் நீண்ட ஓட்டத்தில் சுமார் 10 சதவீதம் குறைவாக இருந்திருக்கும். அதாவது தொடர்பு இல்லாத இடத்தில் பாதியாக்கும் விதியைப் போட்டால், அதே வருமானத்துக்குக் கூடுதலாகப் பத்து சதவீதம் ஆட்டத்தைத் தாங்குகிறோம். நஷ்டத்தில் சிறிய அளவும் மீளும்போது தாமதமாக முழு அளவும் வருவதால் குழியிலிருந்து மேலே வருவதும் மெதுவாகிறது. இது கணக்கைக் கவிழ்க்காது, ஆனால் இலவசமும் இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குறைப்பதற்கு என்னிடம் ஒரு நிபந்தனை இருக்கிறது: நஷ்டங்கள் ஏன் கொத்தாக வர வேண்டும் என்பதற்கு டிரேட் முறைக்குள்ளேயே காரணம் தெரிய வேண்டும். உதாரணமாக, ஒரே பண்டத்தில் போக்கைப் பின்தொடரும் முறை பக்கவாட்டுச் சந்தையில் திரும்பத் திரும்ப அடி வாங்கும். பக்கவாட்டு நிலை சில வாரங்கள் நீடிப்பதால் நஷ்டங்கள் சேர்வதற்கு அங்கே நியாயம் உண்டு. அப்படிப்பட்ட முறையில், முடிவுகளாகத் தொகுத்த பிறகும் ஓட்டங்கள் குறைவாகவே இருந்தால் பாதியாக்கும் விதியைப் பட்டியலின் பழைய பாதியில் அமைத்து, பார்க்காத புதிய பாதியில் சோதிக்கலாம். அப்போதும் பூஜ்யத்துக்குக் குறைக்க வேண்டாம். டிரேடே போடாமல் விட்டால் அடுத்த முடிவு லாபமா நஷ்டமா என்பது கணக்கில் ஏறாது, எப்போது திரும்பி வருவது என்று விதிக்கே தெரியாமல் போகும்.

வேறொன்றும் கொத்து போலவே தோன்றும். சந்தையின் ஏற்ற இறக்கம் கொத்தாகவே வரும். கொந்தளிப்பான நாளை அடுத்துக் கொந்தளிப்பான நாளே வரும் வாய்ப்பு அதிகம். 1982இல் ராபர்ட் எங்கிள் இதற்கு ஒரு மாதிரியைக் கொடுத்தார். ஸ்டாப் லாஸைத் தாண்டிக் குதிக்கும் பெரிய நஷ்டங்கள் இதனால் சேர்ந்து வரும். அங்கே கொத்தாக வருவது நஷ்டத்தின் பருமன், லாபமா நஷ்டமா என்கிற முடிவு அல்ல. இதைப் பிரித்தறிய, 1, 0 வரிசையில் ஒரு முறையும் நஷ்டத் தொகைகளின் வரிசையில் ஒரு முறையும் ஒட்டுறவு பாருங்கள். தொகையில் மட்டும் தெரிந்தால் மருந்து வேறு: அன்றைய ஏற்ற இறக்கத்தை வைத்து அளவை நிர்ணயிப்பது. கடைசி டிரேடு ஜெயித்ததா தோற்றதா என்று அதற்குத் தெரிய வேண்டியதே இல்லை.

என் பங்குகளில் போக்குக் காரணம் எதுவும் இல்லை, தொகுத்த பிறகு ஓட்டங்களும் சாதாரணம். அதனால் தொடரைப் பார்த்துக் குறைப்பதை நிறுத்திவிட்டு அளவை நிலையாக வைத்தேன். மாற்றியது வேறொன்றை. ஒரு டிரேடுக்கு 1 சதவீதம் என்று இருந்ததை ஒரு முடிவுக்கு 1 சதவீதம் என்று ஆக்கினேன். ஒரே காரணத்துக்காக மூன்று பங்குகளில் நுழைந்தால் மூன்றுக்கும் சேர்த்துத்தான் 1 சதவீதம். பகுதிகளாக வெளியேறினாலும் ஒவ்வொரு பகுதிக்கும் 1 சதவீதம் இல்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அந்த எட்டு வரிகளை இந்த விதியில் மறுபடி ஓட்டிப் பார்த்தால் 8 சதவீதமாக இருந்த இழப்பு 4 சதவீதமாகிறது. பாதியாக்கும் விதி அந்த முதல் காலை மூன்று நஷ்டங்களையும் தடுத்திருக்காது, ஏனென்றால் மூன்றும் ஒரே நேரத்தில் திறந்தவை.

தொடர் நஷ்டத்தில் பார்க்க வேண்டிய இன்னொரு சாத்தியத்துக்கும் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறேன். நஷ்டங்கள் கொத்தாக வராமலே முறை செத்துப்போயிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கக் கடைசி டிரேடு உதவாது, உச்சத்திலிருந்து கணக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது ஓரளவு உதவும். 84 முடிவுகளின் தொகைகளையும் பத்தாயிரம் முறை கலைத்து, ஒவ்வொரு முறையும் வந்த மிகப் பெரிய இறக்கத்தை எழுதி, 95 சதவீத முறைகள் எந்த அளவைத் தாண்டவில்லை என்று குறித்துக்கொண்டேன். உண்மைக் கணக்கு அந்தக் கோட்டைத் தாண்டினால் புதிய டிரேடுகளை நிறுத்திவிட்டு முறையை அலசுவேன். அதுவரை பத்து நஷ்டம் வரிசையாக வந்தாலும் பதினொன்றாவது டிரேடு வழக்கமான அளவில்தான் போகும்.